சைடு லேபிளும் எட்டு நாள் இடைவெளியும்: ஒரு பனியன் ஆர்டரின் கான்ட் சார்ட்டைத் திரும்ப வரைந்தபோது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கான்ட் சார்ட் போடுவோம். இடது பக்கம் வேலைகளின் பெயர், மேலே நாட்கள், நடுவில் பட்டைகள். வாரம் ஒரு முறை அதை ஏ3 தாளில் அச்சடித்து மீட்டிங்கில் மேசை மேல் விரிப்போம். போன பொங்கலை ஒட்டி ஓடிய ஓர் ஆர்டரில் அந்தத் தாளை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தப்பாக வாசித்தோம். இரண்டு நாள் லைன் நின்றது. அதன்பிறகு சார்ட்டைப் பிரித்துப் போட்டு மறுபடி வரைந்தேன். அந்த வேலையின் பதிவு இது.

ஆர்டர் ஒன்றும் சிக்கலானதில்லை. 30,000 ரவுண்ட் நெக் டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி துணி, மூன்று கலர். நாட்களை இங்கே வேலைநாள் எண்ணாகவே சொல்கிறேன். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் இதில் சேராது. நூல் வந்து நிட்டிங் ஓடி, டையிங்கும் காம்பாக்டிங்கும் முடிய 20 நாள். 22ஆம் நாள் பிபி சாம்பிளுக்கு, அதாவது உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் மாதிரிக்கு, பையரின் அனுமதி. 23இல் கட்டிங் தொடக்கம், ஒரு நாளைக்கு 3,000 பீஸ் வீதம் பத்து நாள். கட்டிங் தொடங்கி இரண்டு நாள் கழித்து, 25ஆம் நாள் தையல். மூன்று லைன், லைனுக்குச் சராசரி 600 பீஸ் என்று வைத்து 17 நாள், அதாவது 41 வரை. 28ஆம் நாள் செக்கிங், அயர்ன், பேக்கிங் தொடங்கி 44இல் முடியும். 45இல் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், 46இல் தூத்துக்குடிக்கு வண்டி ஏறும். பையருக்குக் கொடுத்த வாக்கு 48ஆம் நாள். ஆகக் கையில் இரண்டு நாள் மிச்சம்.

அக்சஸரீஸ் என்று ஒரு பட்டை தனியாக இருந்தது. 5ஆம் நாள் தொடங்கி 19ஆம் நாள் முடிவது. கழுத்து லேபிள், வாஷ்கேர் லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி நான்கும் அதற்குள் அடக்கம். அந்தப் பட்டையின் முனையிலிருந்து ஓர் அம்பு கிளம்பி, 28ஆம் நாள் தொடங்கும் பேக்கிங் பட்டையின் தலையில் போய் முட்டியது.

20ஆம் நாள் மீட்டிங்கில் அந்தப் பட்டை 75 சதவீதம் நிரம்பியிருந்தது. நான்கு பொருளில் மூன்று ஸ்டோருக்கு வந்துவிட்டன. வராதது வாஷ்கேர் லேபிள். அதில் அச்சிட வேண்டிய துணிக் கலவை வாசகத்துக்கு பையரின் அனுமதி வரவில்லை, அதனால் லேபிள் அச்சிடுபவர் காத்திருந்தார். முதலாளி விரலை 19இல் வைத்து, அங்கிருந்து 28 வரை இழுத்தார். "எட்டு நாள் இடம் இருக்குதல்லோ. பொறுமையா வரட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். சார்ட்டில் அப்படித்தான் இருந்தது.

25ஆம் நாள் காலையில் கட்டிங் பண்டல்கள் ரேக்கில் அடுக்கிக் கிடந்தன. டெய்லர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லைன் சூப்பர்வைசர் அக்கா என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, வாஷ்கேர் வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க அக்கா. பேக்கிங்குக்குள்ள வந்துரும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. சாம்பிள் பீஸ் ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். இடது சைடு தையலில், பாட்டம் மடிப்புக்கு நாலு விரல் மேலே, லேபிளின் இரண்டு முனையும் தையலுக்குள் போயிருந்தன. "இது சைடு அடிக்கறப்பவே உள்ள வெச்சு அடிக்கறதுங்க தம்பி. பேக்கிங்ல ஒட்டறதில்லீங்க."

சோல்டர் சேர்ப்பது, கழுத்து ரிப் வைப்பது, கை ஏற்றுவது வரை லேபிள் இல்லாமல் போகலாம். அடுத்தது சைடு ஓவர்லாக். அங்கே வாஷ்கேர் இல்லாவிட்டால் எல்லாம் நிற்கும். "கை ஏத்தினதோட நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டேன். மூன்று கலர், ஐந்து சைஸ். பாதித் தைத்ததைக் குவித்தால் பண்டல் நம்பர் கலந்துவிடும், அப்புறம் பிரித்தெடுக்கவே ஆள் வேண்டும் என்றார். அதுவும் சரிதான். வேறு ஆர்டரின் மீதி வேலையைக் கொஞ்சம் கொடுத்துச் சமாளித்தோம். லேபிள் 26ஆம் நாள் சாயங்காலம் வந்தது. லைன் 27ஆம் நாள் காலை ஓடத் தொடங்கியது.

சார்ட்டின் கணக்குப்படி பார்த்தால் லேபிள் ஏழு நாள் தாமதம், இடைவெளி எட்டு நாள், இன்னும் ஒரு நாள் பாக்கி! லைனில் பார்த்தால் கையிலிருந்த இரண்டு நாளும் போயிருந்தது.

அன்று இரவு தாளைத் திரும்ப எடுத்து உட்கார்ந்தேன். பட்டையின் நீளம் எதுவும் தப்பில்லை, தேதிகளும் சரி. தப்பு ஓர் அம்பில் இருந்தது. அக்சஸரீஸ் என்ற பெயரைப் பார்த்து, அது பேக்கிங் சாமான் என்று நினைத்து அம்பைப் பேக்கிங்கில் கொண்டுபோய் முடித்தவன் நான்தான். ஒரு வேலை எத்தனை நாள் வரை தள்ளிப்போனால் அடுத்த வேலை கெடாது என்று காட்டும் இடைவெளியை ஃப்ளோட் என்கிறோம். யாரும் அளந்து எழுதும் எண் இல்லை அது. அம்பு எங்கே போய் முட்டுகிறதோ, அந்த இடத்திலிருந்து பின்னோக்கிக் கழித்தால் கிடைப்பது. அம்பு பேக்கிங்கில் முட்டியதால் எட்டு நாள். தையலில் முட்டியிருந்தால், 19க்கும் 25க்கும் நடுவே ஐந்து நாள். அந்த ஐந்து என்ற எண் மீட்டிங்கில் கண்முன் இருந்திருந்தால், யாரும் பொறுமையாக வரட்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 20ஆம் நாளே பையருக்குப் போன் போயிருக்கும்.

ஹென்றி கான்ட் 1910களில் இந்த வகைச் சார்ட்டுகளைப் பரப்பியபோது அவற்றில் இந்த அம்புகள் கிடையாது. யார், எந்த மெஷின், திட்டமிட்டதில் எவ்வளவு நடந்தது என்பதைக் காட்டுவதே அவற்றின் வேலை. எது முடிந்தால் எது தொடங்கும் என்ற பின்னலைக் கணக்குப் போடும் கிரிட்டிக்கல் பாத் முறை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவானது. இன்று நாம் பார்க்கும் சார்ட்டில் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. பட்டை கண்ணில் பெரிதாக விழுகிறது. அம்பு முடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. அதனால்தான் எல்லோருடைய விரலும் பட்டை மேலேயே போகிறது என்று நினைக்கிறேன். அச்சில் அம்புகள் தாறுமாறாகக் குறுக்கே ஓடினால் அசிங்கமாக இருக்கிறது என்று அதை மறைத்துவிட்டு அச்சடிப்பவர்களும் உண்டு. எங்கள் ஆபீசிலும் அப்படிச் செய்த காலம் உண்டு.

மறுபடி வரைந்ததை இப்படிச் செய்தேன். ஒரு சாம்பிள் டி-ஷர்ட்டை மேசை மேல் போட்டேன். பக்கத்தில் கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர் அக்கா, ஸ்டோர் அண்ணா மூவரும். சட்டையில் துணியைத் தவிர வேறு என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எந்த வேலையின் போது கைக்கு வேண்டும் என்று கேட்டேன். கழுத்து லேபிள்: கழுத்து வேலையில், தையல் தொடங்கும் நாளே. வாஷ்கேர்: சைடு அடிக்கும்போது, அதுவும் அதே நாள் மதியத்துக்குள். தையல் நூல், மூன்று கலரும்: அதே நாள். பாலிபேக்: பேக்கிங்கில். அட்டைப்பெட்டி: பேக்கிங் தொடங்கிச் சில நாள் கழித்து வந்தாலும் போதும் என்றார் ஸ்டோர் அண்ணா. சீக்கிரம் வந்தால் வைக்க இடமும் இல்லையாம். ஒரே பட்டையாகக் கிடந்தது நான்காகப் பிரிந்தது. தையல் நூலுக்குப் பட்டையே இல்லாமல் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஐந்து அம்புகள், மூன்று வெவ்வேறு இடங்களுக்கு. முழுதாக அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

பட்டையைப் பிரித்ததும் அந்த 75 சதவீதமும் காணாமல் போனது. மூன்று பட்டை முழுதாக நிரம்பியிருக்கிறது, ஒன்று காலியாக இருக்கிறது. காலியாக இருப்பதன் அம்பு தையலுக்குப் போகிறது. முதலாளிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எக்செல்லில் இதைச் செய்பவர்களுக்காக ஒரு சிறு விஷயம். முடியும் தேதியைக் கையால் எழுதக் கூடாது. எழுதினால் தொடங்கும் தேதி தள்ளிப்போகும்போது இது அசையாமல் நிற்கும்; படம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். நான் வைத்திருப்பது இது:

```
முடிவு:          =WORKDAY.INTL(B2, C2-1, 11, $J$2:$J$12)
கடைசி நாள்:    =WORKDAY.INTL(E9, -1, 11, $J$2:$J$12)
```

B2 தொடங்கும் தேதி, C2 எத்தனை வேலைநாள், 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை, J பத்தியில் பண்டிகை நாட்கள். இரண்டாவது வரி, E9இல் இருக்கும் தையல் தொடக்கத்துக்கு முந்தின வேலைநாளைச் சொல்லும். வாஷ்கேர் வந்தே ஆக வேண்டிய கடைசி நாள் அதுதான். அந்தத் தேதியைப் பட்டைக்குப் பக்கத்திலேயே எழுத்தில் அச்சடிக்கிறேன். விரலால் அளப்பதைவிட அது மேல்.

லைன் ஓடத் தொடங்கிய பிறகு வந்தது அடுத்த கேள்வி, பட்டை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. 31ஆம் நாள் முடிவில் தையல் ஐந்து நாள் ஓடியிருந்தது. 17 நாள் பட்டையில் ஐந்து நாள் என்றால் 29 சதவீதம். நாங்கள் பயன்படுத்திய டெம்ப்ளேட் நாளைக் கணக்குப் பண்ணி அப்படியே வண்ணம் தீட்டிவிடும். லைனில் இறங்கிய பீஸை எண்ணினேன். முதல் நாள் மூன்று லைனும் சேர்த்து 600, அடுத்து 1,000, அப்புறம் 1,500, 1,900, 2,000. மொத்தம் 7,000. 30,000இல் இது 23 சதவீதம். முதலாளி பதறினார், பின்தங்கிவிட்டோம் என்று. அதுவும் பட்டையை வைத்து வரும் பதற்றம்தான். புது ஸ்டைல் லைனில் ஏறினால் முதல் இரண்டு மூன்று நாள் கை பழகும்வரை மந்தமாகத்தான் போகும். 600 என்ற சராசரியை அந்த மந்தத்தையும் சேர்த்துத்தான் போட்டிருந்தோம். பட்டை நெடுக ஒரே தடிமனாக இருப்பதால் முதல் நாளும் பத்தாவது நாளும் ஒரே வேலை என்று கண் நம்பிவிடுகிறது.

ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட்டோம். மீதி 23,000 பீஸ். மீதி நாள் 12. நாளைக்கு 1,917 வேண்டும். இன்றைய ஓட்டம் 2,000. போதும், ஆனால் கை நிறைய இல்லை. மீதி நாளைத் தவிர மற்ற மூன்று எண்ணும் கான்ட் சார்ட்டில் எங்கும் கிடையாது. லைன் ரிப்போர்ட்டில் இருந்து எடுத்துச் சார்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் எழுதுகிறேன்.

மைல்கல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் அது சின்னச் சாய்சதுரம், அகலம் இல்லாதது; ஆனது அல்லது ஆகவில்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. 22ஆம் நாள் பிபி அனுமதி என்ற சாய்சதுரத்துக்கு நான் வண்ணம் தீட்டினேன். பையரின் மெயிலில் அனுமதி என்றுதான் இருந்தது. கீழே ஒரு வரியில், கழுத்து ரிப் அகலத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் அந்த மெயிலைப் பார்க்கவில்லை. நல்லவேளையாக அவர் பாடியை முதலில் வெட்டினார், ரிப்பைத் தொடவில்லை. 24ஆம் நாள் புது அளவு கைக்குப் போனது. ரிப் வெட்டியிருந்தால் அந்தத் துணி போச்சு. இப்போது அந்தச் சாய்சதுரத்தின் பெயரையே மாற்றிவிட்டோம்: "பிபி அனுமதி, திருத்தம் சேர்த்த அளவுத் தாளில் கட்டிங் மாஸ்டர் கையெழுத்து." பெயர் நீளம்தான். ஆனால் யார் பார்த்தாலும் ஆனதா இல்லையா என்பதில் இரண்டு பதில் வராது.

பொங்கல் 36ஆம் நாளுக்கும் 37ஆம் நாளுக்கும் நடுவே வந்தது. விடுமுறையை J பத்தியில் போட்டிருந்ததால் சார்ட் அதைச் சரியாகத் தாண்டியது. ஆனால் எங்கள் லைனில் பாதிப் பேருக்கு மேல் வெளி மாவட்டத்துக்காரர்கள். ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் அதே நாள் திரும்புவதில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்க வேண்டும், ஊரில் ஒரு காதுகுத்து இருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கும். அது அவர்களுடைய நியாயம். திறந்த முதல் நாள் 800 பீஸ், இரண்டாம் நாள் 1,400, மூன்றாம் நாள்தான் திரும்ப 2,000. சார்ட்டில் அந்த மூன்று நாளும் மற்ற நாள் மாதிரியே நிறைந்த பட்டை. நாள் இருக்கிறது என்று சார்ட் சொல்லும். நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று சொல்லாது.

திறந்த முதல் இரண்டு நாளில் 1,800 பீஸ் குறைந்துபோனது. 12 நாளில் 24,000 ஓடியிருக்க வேண்டியது 22,200 ஆகிவிடும். நமக்கு வேண்டியது 23,000. 800 பீஸ் குறை. இரண்டு நாள் மிச்சம் கையில் இருந்திருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. லேபிளுக்காக நின்றதில் அது ஏற்கெனவே கரைந்துபோயிருந்தது. ஒரு ஞாயிறு அரை நாள் மூன்று லைனும் ஓட்டினோம், விருப்பம் சொன்னவர்களை மட்டும் கூப்பிட்டு, இரட்டைச் சம்பளத்தில். 43இல் தையல் முடிந்தது, 46இல் பேக்கிங், 47இல் இன்ஸ்பெக்‌ஷன், 48ஆம் நாள் இரவு வண்டி கிளம்பியது.

ஆளைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் அப்போது வேறு இரண்டு ஆர்டரும் ஓடின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சார்ட். மூன்றாம் லைன் இந்த ஆர்டரின் சார்ட்டிலும் இருந்தது, இன்னொரு ஆர்டரின் சார்ட்டிலும் 40ஆம் நாளிலிருந்து இருந்தது. தையல் 41இல் முடிந்திருந்தாலே இடித்திருக்கும். இரண்டு தாளிலும் அம்பு எல்லாம் சரி, எதுவும் சிவப்பாகவில்லை, ஏனென்றால் இந்தத் தாளுக்கு அந்தத் தாள் இருப்பதே தெரியாது. லைன் அட்டவணை என்று ஒரு தாள் தனியாகப் போட்ட பிறகுதான் பிடிபட்டது: மேலிருந்து கீழே லைன் 1, 2, 3, இடமிருந்து வலம் நாட்கள், கட்டத்துக்குள் ஆர்டர் எண். ஒரு கட்டத்தில் இரண்டு எண் விழுந்தால் அங்கே சண்டை. யோசித்துப் பார்த்தால், கான்ட் முதலில் போட்ட வகையே இதுதான், மெஷினையும் ஆளையும் வரிசையில் நிறுத்துவது. அந்த இன்னொரு ஆர்டருக்கு நான்கு நாள் தள்ளிப் பேசிச் சமாளித்தோம்.

டையிங் பட்டையை இன்னும் நான் நம்பவில்லை. பத்து நாள் என்று எழுதுகிறோம். அது ஜாப் வொர்க். சாயப்பட்டறையில் எங்கள் துணிக்கு முன்னால் எத்தனை பேருடைய துணி வரிசையில் நிற்கிறது என்பது எங்கள் தாளில் வராது. ஷேடு வராமல் ஒரு லாட் திரும்ப ஓடினால் இரண்டு மூன்று நாள் போய்விடும். பட்டையை நீட்டி எழுதினால் எல்லோரும் அந்த நீளத்துக்கு மெதுவாகிவிடுகிறார்கள். குறைத்து எழுதினால் பொய். இப்போதைக்கு கலருக்கு ஒரு பட்டை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் "துணி மெஷினில் ஏறியது" என்று ஒரு சாய்சதுரம் வைத்திருக்கிறேன். அந்த நாளில் ஏறவில்லை என்றால் அன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் வரிசையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது ஓடும் ஆர்டரில் நெஞ்சில் பிரின்ட் இருக்கிறது. சூப்பர்வைசர் அக்காதான் முதலில் கேட்டார், "தம்பி, இந்த பிரின்ட்டுக்கு அம்பு எங்கீங்க போகுது?" கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவே, வெட்டின முன்பக்கத் துண்டு வெளியே போய் வர ஐந்து நாள் என்று காட்டினேன். முன்பக்கம் போய்விட்டால் முதுகுத் துண்டும் கையும் ரேக்கில் கிடக்கும், அவற்றைப் பண்டல் நம்பரோடு சேர்த்து வைக்க யார் என்று கேட்டார். அதற்குச் சார்ட்டில் பட்டை இல்லை. ஒரு வரி சேர்த்து, ஸ்டோர் அண்ணாவின் பெயரை எழுதினேன்.